சத்தம் போட்டது ஒரு ஓட்டை, பேசாமல் இருந்தது இன்னொன்று

என் மகளுடைய இதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்த்த முதல் எக்கோ அறிக்கையில், இதயத்தில் இரண்டு ஓட்டைகள் என்று எழுதியிருந்தது. நாலரை வருடமாக எங்கள் வீட்டில் ஒன்றைப் பற்றித்தான் கதைத்தோம். சத்தம் போட்ட ஓட்டை அது. மற்றது சத்தம் போடவில்லை என்பதால் அதை மறந்தே போனோம். கடைசியில் கொழும்புக்குக் கொண்டுபோய் அடைக்க வேண்டி வந்தது அந்த மற்றதைத்தான். இதை அப்போதே யாராவது ஐந்து நிமிடம் இருந்து விளக்கியிருந்தால் ஒரு சங்கிலியும் பல இரவுகளின் நித்திரையும் மிஞ்சியிருக்கும்.

மகள் பிறந்தது 2020 ஜனவரி கடைசி வாரத்தில். வீட்டுக்கு அனுப்பும் முன் பார்த்த டொக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துவிட்டு எல்லாம் சரி என்றார். ஐந்தாவது கிழமை சளி என்று பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டொக்டர் நெஞ்சில் குழலை வைத்துவிட்டு எடுக்கவேயில்லை. இடது பக்கம், முலைக்காம்புக்குக் கீழே, நெஞ்செலும்பு ஓரமாக வைத்து வைத்துக் கேட்டார். "இதயத்தில் ஒரு சத்தம் இருக்கம்மா, மர்மர் எண்டு சொல்லுறது. ஒரு எக்கோ எடுத்துப் பாருங்கோ" என்றார். பிறந்த அன்று இல்லாத சத்தம் ஐந்து கிழமையில் எப்படி வந்தது என்பதுதான் என் முதல் கேள்வி. முதலில் பார்த்த டொக்டர் கவனிக்கவில்லை என்று நினைத்து மனதுக்குள் திட்டினேன். அது பிழை என்று பிறகுதான் தெரிந்தது.

மாமி வேறொரு காரணம் கண்டுபிடித்தா. 2019 டிசம்பர் 26ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சூரிய கிரகணம் நன்றாகத் தெரிந்தது நினைவிருக்கும். அன்றைக்கு நான் முற்றத்தில் நின்றேனாம். எனக்கு அப்போது எட்டாம் மாதம். இதயத்தின் அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் கருத்தரித்து ஏறத்தாழ எட்டுக் கிழமைக்குள் உருவாகி முடிந்துவிடும் என்று பின்னர் ஒரு டொக்டர் சொன்னார். அதாவது கிரகணம் வந்தபோது அந்த வேலை முடிந்து ஆறு மாதம். மாமியிடம் இதைச் சொன்னேன். "அப்ப வேற ஏதோ செய்திருப்பாய்" என்று சொல்லிவிட்டா.

பயம் வந்தால் நிதானம் போய்விடும். உள்ளூரிலேயே எக்கோ எடுத்திருக்கலாம். ஆனால் சொந்தக்காரர் ஒருவர் "இதயம் எண்டால் கொழும்புதான்" என்று ஒரே பிடி. மார்ச் இரண்டாம் கிழமை வான் பிடித்து ஓடினோம். வானுக்கு 38,000 ரூபா, தனியார் இடத்தில் எக்கோவும் டொக்டர் காசுமாக 9,000 அளவில், தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தனியாக. இவர் சங்கக்கடையில் வேலை, அந்த மாதச் சம்பளம் போதவில்லை. என் சங்கிலி அடகுக்குப் போனது. ஆறு கிழமைக் குழந்தையோடு இரவு முழுக்க ஏ9 வீதியில் போனதை நினைத்தால் இப்போதும் வயிறு பிசைகிறது. பிள்ளை நன்றாகப் பால் குடித்தாள், எடை ஏறியது, நித்திரையில் மூச்சும் ஆறுதலாக இருந்தது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் சில நாள் பொறுத்து ஊரிலேயே நாள் எடுத்துக் காட்டியிருக்கலாம் என்று அந்தக் கொழும்பு டொக்டரே சொன்னார். உடனே ஓட வேண்டிய பிள்ளை எப்படி இருக்கும் என்றும் சொன்னார்: பால் குடிக்கத் தொடங்கியதும் நெற்றியும் தலையும் வியர்க்கும், இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மூச்சு வாங்க நிறுத்தும், மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையில் உள்ளே இழுக்கும், எடை ஏறாமல் நிற்கும். வாயோ நாக்கோ நீலம் பாய்ந்தால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது.

அறிக்கையில் இருந்தது இது. கீழறைகளுக்கு நடுவிலுள்ள தசைச் சுவரில் 3 மில்லிமீற்றர் ஓட்டை, விஎஸ்டி. மேலறைகளுக்கு நடுவில் 5 மில்லிமீற்றர் ஓட்டை, ஏஎஸ்டி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பள்ளிக்கூடத்தில் சோணையறை, இதயவறை என்று படித்தோமே, அவைதான் இந்த மேலறையும் கீழறையும். கேள்விக்குறிக்குக் காரணம், பிறந்த குழந்தைகள் பெரும்பாலானவருக்கு மேலறைச் சுவரில் கதவு மாதிரி ஒரு சின்னத் திறப்பு இருக்கும். வயிற்றுக்குள் இருக்கும்போது அது தேவை, பிறந்தபின் மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்ளும். ஆறு கிழமையில் பார்க்கும்போது இது அந்தத் திறப்பா, உண்மையான ஓட்டையா என்று பல நேரம் அடித்துச் சொல்ல முடியாது. டொக்டர் சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன்: "கீழ இருக்கிறது அநேகமா தானா மூடும். மேல இருக்கிறத வளர வளரப் பாக்கோணும்." நாங்கள் முதல் வசனத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இரண்டாவது வசனம் கொழும்பிலேயே நின்றுவிட்டது.

சத்தத்துக்கும் ஓட்டைக்கும் உள்ள தொடர்பை எனக்குப் புரியவைத்தது எந்த டொக்டரும் இல்லை, என் அப்பாதான். அவர் உரும்பிராயில் வெங்காயம் செய்கிறவர். ஒரு டொக்டர் சொன்னதை நான் அரைகுறையாகத் திருப்பிச் சொல்ல, அவர் உடனே பிடித்துக்கொண்டார். "மிஷின் போட்டு இறைக்கேக்க குழாயில ஊசி ஓட்டை விழுந்தா எப்பிடிச் சத்தம் போடும்? சீ எண்டு பீச்சும். ஓட்டை பெரிசானா அந்தச் சத்தம் இராது. இதே தண்ணி வாய்க்கால்ல ஓடேக்க வரம்பு உடைச்சு பக்கத்து வாய்க்காலுக்குப் போனா உனக்குச் சத்தம் கேக்குமே? பாத்தி நிரம்பி வழிஞ்சாப் பிறகுதான் தெரியும், பிள்ளை."

கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. இடது கீழறை உடம்பு முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுவது, அழுத்தம் கூடியது. வலது கீழறை பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் தள்ளுவது, அதன் அழுத்தம் நாலில் ஒரு பங்கு அளவில்தான். இரண்டுக்கும் நடுவில் சின்ன ஓட்டை இருந்தால் இரத்தம் பீச்சி அடிக்கும், அந்தச் சத்தம்தான் காதில் விழுகிறது. ஆகவே கீழறை ஓட்டையில் சத்தம் பெரிது என்றால் ஓட்டை பெரிது என்று அர்த்தமில்லை. பல நேரம் நேரெதிர். பெரிய ஓட்டையில் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகிவிடும், பீச்சல் குறையும், சத்தமும் மங்கும். பிறந்த அன்று சத்தம் இல்லாததற்கும் இதே காரணம்தான். அப்போது நுரையீரல் இரத்தக் குழாய்கள் இன்னும் இறுகியிருக்கும், வலது பக்க அழுத்தமும் கூட இருக்கும். சில கிழமைகளில் குழாய்கள் தளர்ந்து வலது பக்கம் இறங்க, இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் வந்து சத்தம் தொடங்கும். முதல் டொக்டர் எதையும் தவறவிடவில்லை. அன்றைக்குக் கேட்க அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

மேலறைகள் வாய்க்கால் மாதிரி. இரண்டு பக்கமும் அழுத்தம் குறைவு, வித்தியாசமும் மிகச் சின்னது. இரத்தம் ஓட்டையால் இடதிலிருந்து வலதுக்குச் சத்தமில்லாமல் வழிந்துகொண்டே இருக்கும். அந்த ஓட்டை தானாகச் சத்தம் போடுவதே இல்லை. வருடக் கணக்கில் வழிந்து, வலது பக்கத்தில் இரத்தம் கூடி, அந்தக் கூடுதல் இரத்தம் நுரையீரலுக்குப் போகும் வால்வு வழியாக நெருக்கிக்கொண்டு போகும்போதுதான் ஒரு மெல்லிய சத்தம் வரும். அதுவும் நெஞ்சின் மேல்பக்கம், இடது ஓரத்தில். கைக்குழந்தைப் பருவத்தில் வலது கீழறை தடிப்பாகவும் விறைப்பாகவும் இருப்பதால் வழிவதும் குறைவு, வால்வில் நெருக்கமும் இல்லை. அதனால் ஏஎஸ்டி உள்ள குழந்தையின் நெஞ்சில் ஒன்றுமே கேட்காமல் இருப்பது சாதாரணம்.

இதை 2020இல் நான் அறிந்திருக்கவில்லை. அந்த வருடம் நவம்பரில், பத்து மாதத்தில், ஊரிலேயே இரண்டாவது எக்கோ எடுத்தோம். விஎஸ்டி 3 மில்லிமீற்றரிலிருந்து 1.5க்கு வந்திருந்தது. சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நான் அறிக்கையில் இன்னொரு எண்ணைப் பார்த்துவிட்டேன். முதல் அறிக்கையில் அழுத்த வித்தியாசம் 49 என்று இருந்தது, இதில் 67. பிள்ளைக்கு இதயத்தில் பிரஷர் ஏறிவிட்டது என்று முடிவுகட்டி மூன்று கிழமை நான் நித்திரை கொள்ளவில்லை. இவருக்கும் சொல்லவில்லை. அடுத்த கிளினிக்கில் கேட்டபோது டொக்டர் சிரித்துவிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். எக்கோ மிஷின் ஓட்டை வழியாகப் பாயும் இரத்தத்தின் வேகத்தை அளக்கும். அந்த வேகத்தை அதனாலேயே பெருக்கி, பிறகு நாலால் பெருக்கினால் இரண்டு பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் வரும். முதல் தடவை வேகம் செக்கனுக்கு 3.5 மீற்றர், ஆக 49. இரண்டாவது தடவை 4.1, ஆக 67. பிள்ளையின் இரத்த அழுத்தத்தில் மேல் எண் 90 என்று வைத்தால் 90இலிருந்து 67ஐக் கழிக்க 23. வலது கீழறையின் அழுத்தம் அவ்வளவுதான், நல்ல பிள்ளைக்கு இருக்க வேண்டிய அளவு. விஎஸ்டியில் இந்த எண் கூடுவது நல்ல செய்தி, குறைந்துகொண்டு போனால்தான் யோசிக்க வேண்டும். (இதே எண் வால்வுச் சுருக்கம் உள்ள பிள்ளையின் அறிக்கையில் கூடினால் அது நல்லதல்ல. ஆகவே மற்றப் பிள்ளையின் அறிக்கையோடு ஒப்பிட வேண்டாம்.) எண்ணைப் பார்த்துப் பயந்தால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். மூன்று கிழமை என்பது நீண்ட காலம்.

அந்த அறிக்கையின் அடியில் "ஏஎஸ்டி 6 மில்லிமீற்றர், ஒரு வருடத்தில் மீண்டும் பார்க்கவும்" என்று எழுதியிருந்தது. ஐந்து ஆறாகியிருக்கிறது என்பது என் கண்ணில் படவேயில்லை. என் கண் முழுக்க 67இல்.

2021 நடுப்பகுதியில் மகளுக்குக் காய்ச்சல். வேறொரு டொக்டரிடம் காட்டினோம். மருந்து எழுதி முடிய நான் வழக்கம்போல "இதயத்தில் ஓட்டை இருக்கு டொக்டர்" என்றேன். அவர் மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப சத்தம் ஒண்டும் இல்லை, மூடியிருக்கும்" என்றார். அவரைப் பிழை சொல்ல மாட்டேன். அவரிடம் நான் "ஓட்டை" என்று ஒருமையில்தான் சொன்னேன், அறிக்கையைக் கொண்டுபோகவில்லை. அவர் சொன்னது உண்மையும்கூட. சத்தம் போட்ட ஓட்டை மூடித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமி அழுதுவிட்டா. வைத்த நேர்த்திக்குச் சன்னிதியில் அன்னதானம் கொடுத்தோம். நவம்பரில் வர வேண்டிய எக்கோவுக்குப் போகவில்லை. மூடின ஓட்டைக்கு எதற்கு எக்கோ?

பழியை முழுக்க எங்கள் மேல் போடவும் மனமில்லை. 2022 நடுவில் எனக்கு ஒரு சந்தேகம் தட்டி, எதற்கும் ஒருதரம் காட்டுவோம் என்று நாள் எடுத்தேன். அது பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம். ஓட்டோ கிடைக்கவில்லை, நாள் போனது. சரி, சத்தம் இல்லைத்தானே என்று விட்டுவிட்டோம். அறிக்கைகள் அலுமாரியில் கலியாண அல்பத்துக்குக் கீழே கிடந்தன.

அப்புறம் 2024 ஜூன். மகளுக்கு நாலு வயதும் ஐந்து மாதமும். காய்ச்சலோடு இருமல். பார்த்த குழந்தை நல நிபுணர் நெஞ்சின் மேல்பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, "மெல்லிசா ஒரு சத்தம் கேக்குது. காய்ச்சலில இதயம் வேகமா அடிக்கும், நல்ல பிள்ளைகளுக்கும் சத்தம் கேக்கும். காய்ச்சல் விட்டு ஒரு கிழமையால திரும்பக் கொண்டு வாங்கோ" என்றார். இது முக்கியமான இடம். ஓட்டையே இல்லாத எத்தனையோ பிள்ளைகளுக்கு, குறிப்பாகக் காய்ச்சலிலும் இரத்தம் குறைந்த நேரத்திலும், இப்படியான சத்தம் வந்து போகும். எனக்கு முந்திய அனுபவம் இருந்ததால் பதறவில்லை, ஆனால் விடவுமில்லை. கிழமை கழித்துப் போனோம். சத்தம் அப்படியே இருந்தது.

இந்த முறை அவர் கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் கேட்டார். மகளை மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். பிறகு எனக்கு விளக்கினார். இதயத்தின் "லப் டப்" சத்தத்தில் டப் என்பது இரண்டு வால்வுகள் மூடும் சத்தம். மூச்சை இழுக்கும்போது அது கொஞ்சம் பிரிந்து இரண்டாகக் கேட்கும், விடும்போது ஒன்றாகச் சேரும். மகளுக்கு இழுத்தாலும் விட்டாலும் பிரிந்தபடியே நிற்கிறது. மேலறை ஓட்டையால் வலது பக்கத்தில் எப்போதும் இரத்தம் நிறைந்திருப்பதால் அந்தப் பக்க வால்வு எப்போதும் பிந்தியே மூடுகிறது. சத்தத்தைவிட இந்தப் பிரிவுதான் தனக்குச் சந்தேகம் தந்தது என்றார். "சின்னனில எக்கோ எடுத்ததா?" என்று கேட்டார். அலுமாரி ஞாபகம் வந்தது. அந்த நிமிடம் நிலத்துக்குள் போய்விடலாமா என்று இருந்தது.

ஈசிஜியும் எடுத்தார்கள், அதுவும் வலது பக்கச் சுமையைக் காட்டியது. எக்கோவில் விஎஸ்டி இல்லை, தழும்புகூட இல்லை. ஏஎஸ்டி 11 மில்லிமீற்றர். வலது மேலறையும் வலது கீழறையும் பெருத்திருந்தன. நுரையீரலுக்குப் போகும் இரத்தம் உடம்புக்குப் போவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நல்ல காலமாக நுரையீரல் அழுத்தம் ஏறியிருக்கவில்லை. பிள்ளை வளர ஓட்டையும் சேர்ந்து வளர்ந்திருந்தது. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்தவை பெரும்பாலும் தாமாகச் சுருங்கும், 8, 10 என்று போனவை மூடுவது அரிது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

எக்கோ எடுப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் எனக்கு ஒரு தடவைக் காசு போனது. நாலு வயதுப் பிள்ளை இருட்டறையையும் குளிர் ஜெல்லையும் கண்டு கத்தினாள். அழுகிற பிள்ளையின் படம் தெளிவாக வராது, அளவும் நம்பிக்கை இல்லாதது. 7,500 ரூபா கட்டி எடுத்த அந்த எக்கோவில் "படம் திருப்தியில்லை" என்று எழுதித் தந்தார்கள். பத்து நாளால் திரும்ப எடுத்தோம். அப்போது முதல் நாளே வீட்டில் தேங்காய் எண்ணெயைப் பூசி மேசைக் கரண்டியால் நெஞ்சில் உருட்டி விளையாடினோம், போனில் கார்ட்டூன் இறக்கி வைத்தேன். இருபத்தைந்து நிமிடம் அசையாமல் கிடந்தாள். கைக்குழந்தை என்றால் பால் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, அறைக்குள் போய்க் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம். சில இடங்களில் நித்திரைக்கு மருந்து கொடுப்பார்கள், அப்படியென்றால் எத்தனை மணிநேரம் சாப்பாடு, பால் கொடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே கேளுங்கள்.

அங்கிருந்து எழுதிக் கொடுத்து, கொழும்பு பொரளையில் உள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போனோம். இந்த முறை வான் இல்லை, இரவு பஸ். அரச வைத்தியசாலை என்பதால் சிகிச்சைக்குக் காசு இல்லை, போக்குவரத்தும் தங்குவதும்தான் எங்கள் செலவு. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, தொடை இடுக்கால் போய் அடைக்கலாம் என்றார்கள். எல்லா ஏஎஸ்டிக்கும் இது முடியாது. சுவரின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும், அடைப்பான் பிடித்து நிற்க ஓட்டையைச் சுற்றிப் போதிய விளிம்பு இருக்க வேண்டும். விளிம்பு போதாவிட்டாலோ நடுவில் இல்லாமல் வேறிடத்தில் இருந்தாலோ அறுவைச் சிகிச்சைதான். மகளுக்கு விளிம்பு இருந்தது. எடை 13 கிலோ மட்டும், இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று நாள் தள்ளினார்கள். அவசரமில்லை என்று அவர்கள் சொன்னபோது நம்ப முடியவில்லை. மூன்று வருடத்தைத் தவறவிட்டுவிட்டேனே என்று அழுதபோது அங்கிருந்த டொக்டர் சொன்னது இது: நீங்கள் ஒழுங்காக வந்திருந்தாலும் அநேகமாக மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில்தான் அடைத்திருப்போம். மறந்துபோய் இருபத்தைந்து, முப்பது வயதில், மூச்சு வாங்குது, இதயம் படபடக்குது என்று வருகிறவர்களைத்தான் நினைத்தால் கவலை. சிலருக்கு அப்போது நுரையீரல் அழுத்தம் ஏறி, அடைக்கவே முடியாத நிலை வந்திருக்கும்.

2025 பெப்ரவரியில் அடைத்தார்கள். முழு மயக்கம், தொண்டை வழியாக ஒரு எக்கோக் குழாய், தொடை நாளத்தால் மெல்லிய குழாய் ஒன்று. அதன் நுனியில் மடித்து வைத்த கம்பி வலை ஓட்டைக்கு இரண்டு பக்கமும் இரண்டு தட்டுப் போல விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். சட்டைப் பொத்தான் மாதிரி. ஒன்றரை மணித்தியாலம் நான் வெளியே சுவரிலிருந்த பல்லியை எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் எக்கோ எடுத்துப் பார்த்து, அதற்கு அடுத்த நாள் அனுப்பினார்கள். தொடையில் நுளம்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி மட்டும். ஆறு மாதத்துக்கு அஸ்பிரின். அந்த ஆறு மாதமும் பல்லுக்கு ஏதும் வேலை செய்வதென்றால் முதலே அன்ரிபயோட்டிக் கொடுக்க வேண்டும், பல் டொக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அஸ்பிரின் குடிக்கும் பிள்ளைக்கு அம்மை வந்தாலோ கடுமையான காய்ச்சல் வந்தாலோ உடனே கேட்க வேண்டும், தாங்களாகத் தொடர்ந்து கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். முதல் சில கிழமை குதிக்க விடாமல் வைத்திருந்ததுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை.

ஓகஸ்ட்டில் பார்த்தபோது வலது பக்கம் ஏறத்தாழ வயதுக்குரிய அளவுக்கு வந்திருந்தது. முந்தி அடிக்கடி சளி பிடிக்கும், படி ஏறினால் தூக்கச் சொல்வாள். அது ஓட்டையாலா, வெறும் செல்லத்தாலா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. ஏஎஸ்டி உள்ள பிள்ளைகள் அநேகர் ஒரு குறையும் இல்லாமல் ஓடித் திரிவார்கள், அதனால்தான் பிடிபடுவதில்லை.

இப்போது யாராவது "பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டையாம்" என்று வந்தால் நான் முதலில் அறிக்கையைக் கேட்கிறேன். எந்தச் சுவரில், எத்தனை ஓட்டை? கேட்கும் சத்தம் அதில் எந்த ஓட்டைக்குரியது? வலது பக்கமோ இடது பக்கமோ பெருத்திருக்கிறதா? சத்தம் நின்றாலும் திரும்ப எக்கோ எடுக்க வேண்டுமா, எந்த மாதத்தில்? இந்த நான்கையும் டொக்டரிடம் கேட்டு, பதிலைக் கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் எழுதி வைக்கச் சொல்கிறேன். எக்கோத் தாள் வருடம் போக வெளிறிவிடும், அன்றைக்கே போட்டோப் பிரதி எடுங்கள், போனிலும் படம் பிடியுங்கள்.

போன கிழமை மாமி மகளின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இப்ப சத்தம் ஒண்டும் இல்லைத்தானே பிள்ளை?" என்றா. அடுத்த எக்கோ வரும் பெப்ரவரியில், கலண்டரில் வட்டம் போட்டிருக்கிறது என்றேன்.